"கொஞ்ச நேரம் கழித்து வா" என்று சொல்லும் மெயில் சர்வர்

திருப்பூரில் இருபது பேர் வேலை பார்க்கும் ஒரு பின்னலாடை ஏற்றுமதி அலுவலகம் என்று வைத்துக்கொள்வோம். கூகுளுக்கோ மைக்ரோசாஃப்டுக்கோ மாதாமாதம் ஆளுக்கு இவ்வளவு என்று கட்டாமல், வாடகைக்கு எடுத்த ஒரு சிறிய சர்வரில் தங்கள் மெயிலைத் தாங்களே நடத்துகிறார்கள். மதியம் 2 மணிக்கு ஜெர்மனியிலிருந்து புதிதாக ஒருவர் விலை கேட்டு மெயில் போடுகிறார். 2.10க்கு வாட்ஸ்அப்பில் "மெயில் கிடைத்ததா?" என்று கேட்கிறார். இன்பாக்ஸில் இல்லை. ஸ்பேம் ஃபோல்டரிலும் இல்லை. "முகவரியைத் தப்பாப் போட்டிருப்பாரோ?" என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டிருக்கும்போதே, 2.30க்கு அந்த மெயில் வந்து விழுகிறது. அதில் அனுப்பிய நேரம் 2.00 என்றே இருக்கிறது.

நடுவில் நெட் போகவில்லை, ஜெர்மன்காரர் முகவரியையும் தப்பாகப் போடவில்லை. இந்த அலுவலகத்தின் சர்வரே அந்த மெயிலை வேண்டுமென்று ஒருமுறை திருப்பி அனுப்பியது. இந்த ஏற்பாட்டுக்கு கிரேலிஸ்டிங் என்று பெயர். புதியவர் யாராக இருந்தாலும் முதல் தடவை "இப்போது முடியாது" என்று சொல்வதுதான் அதன் முழு வேலையும்.

இது ஏன் வேலை செய்கிறது என்று புரிய, இரண்டு மெயில் சர்வர்கள் எப்படிப் பேசிக்கொள்கின்றன என்று பார்க்க வேண்டும். அனுப்பும் சர்வர் முதலில் தன் பெயரைச் சொல்லும். அடுத்து, இன்னார் அனுப்புகிறார், இன்னாருக்கு என்று சொல்லும். இவை எல்லாவற்றுக்கும் 'சரி' வந்த பிறகுதான் மெயிலின் உள்ளடக்கத்தைத் தரும். ஒவ்வொரு கட்டத்திலும் பெறும் சர்வர் மூன்று இலக்க எண் ஒன்றைப் பதிலாகச் சொல்கிறது. 2 என்று தொடங்கினால் சரி. 5 என்று தொடங்கினால் முடியாது, திரும்பி வராதே. 4 என்று தொடங்கினால் இப்போது முடியாது, பிறகு முயன்று பார். ஜான் போஸ்டல் 1982இல் எழுதிய மெயில் விதிகளிலேயே இந்த எண்கள் இருக்கின்றன. டிஸ்க் நிரம்பிவிடும், கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டிருக்கும், லைன் அறுந்துபோகும் என்பதெல்லாம் சகஜமாக இருந்த காலம் அது. அதனால் 4 என்று பதில் வந்தால் அனுப்பும் சர்வர் மெயிலைத் தன் கியூவில் வைத்துக்கொண்டு மறுபடி மறுபடி முயல வேண்டும் என்பது ஏற்பாடு. இன்று நடப்பிலுள்ள 2008ஆம் ஆண்டு விதிப்படி, கைவிடுவதற்கு முன் குறைந்தது நான்கைந்து நாள் முயல வேண்டும்.

2003இல் ஈவன் ஹாரிஸ் என்பவர் இந்த 4ஐ வேறு காரியத்துக்குப் பயன்படுத்தலாம் என்று எழுதினார். அன்று ஸ்பேமில் பெரும்பகுதி வைரஸ் பிடித்த வீட்டுக் கம்ப்யூட்டர்களிலிருந்து வந்துகொண்டிருந்தது. அவற்றில் ஓடிய நிரலுக்கு லட்சக்கணக்கான முகவரிகளைக் கொடுத்திருப்பார்கள். அது ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டே போகும். எந்த முகவரிக்கு எப்போது முயன்றோம், அடுத்து எப்போது முயல வேண்டும் என்று கணக்கு வைத்துக்கொள்வது அதற்குக் கட்டுப்படியாகாது. 4 வந்தாலும் 5 வந்தாலும் அதற்கு ஒன்றுதான், அடுத்த முகவரிக்குப் போய்விடும். ஆகவே, முன்பின் தெரியாத எல்லோருக்கும் முதலில் 4 என்று சொன்னால், ஒழுங்கான சர்வர் திரும்பி வரும், ஸ்பேம் நிரல் வராது என்பது ஹாரிஸின் கணக்கு. மெயிலுக்குள் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்கவே தேவையில்லை. தமிழில் இருக்கிறதா, சீனத்தில் இருக்கிறதா என்பதும் பொருட்டில்லை. உள்ளடக்கம் வருவதற்கு முன்பே பேச்சை முடித்துவிடுவதால் சர்வருக்கும் வேலை மிச்சம்.

'முன்பின் தெரியாத' என்பதை எப்படி முடிவு செய்வது? ஹாரிஸ் மூன்று விஷயங்களைச் சேர்த்துப் பார்த்தார்: எந்த ஐபி முகவரியிலிருந்து வருகிறது, அனுப்புபவர் யார், பெறுபவர் யார். இந்த மூன்றும் சேர்ந்த சேர்க்கையை இதற்கு முன் பார்த்ததில்லை என்றால் 4 என்று சொல்லிவிட்டு நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். குறிப்பிட்ட இடைவெளி கழிந்தபின் அதே சேர்க்கை திரும்பி வந்தால் உள்ளே விட வேண்டும். அதன் பிறகு அந்தச் சேர்க்கை தெரிந்த முகம், தாமதம் இல்லை. அவர் வைத்த இடைவெளி 1 மணி நேரம். தெரிந்த முகத்தை நினைவில் வைத்திருக்கும் காலம் 36 நாள். ஏன் 30 இல்லை என்றால், ஒவ்வொரு மாதமும் முதல் திங்கட்கிழமை வரும் மெயில் ஒன்று இருந்தால் இரண்டுக்கும் நடுவே 35 நாள் வரை ஆகலாம். 36 என்று வைத்தால் அந்த மெயில் ஒவ்வொரு மாதமும் புதியதாகிவிடாது.

ஒரு மணி நேரம் என்பதை இன்று யாரும் பொறுக்கமாட்டார்கள். சிறிய சர்வர்களில் பரவலாகப் புழங்கும் போஸ்ட்கிரே என்ற மென்பொருள், எதையும் மாற்றாமல் நிறுவினால் 5 நிமிட இடைவெளியும் 35 நாள் நினைவும் வைத்துக்கொள்கிறது. ஐபி முகவரியின் கடைசிப் பகுதியையும் அது பார்ப்பதில்லை. அதாவது 192.0.2.25இலிருந்து முதலில் வந்து 192.0.2.40இலிருந்து திரும்பி வந்தாலும் அதற்கு ஒன்றுதான். நம் திருப்பூர் அலுவலகத்தில் இருப்பது இந்த போஸ்ட்கிரேதான் என்று வைத்துக்கொண்டு, அந்த மதியம் அதன் லாகில் என்ன பதிவாகியிருக்கும் என்று பார்ப்போம்.

```
14:00:03 action=greylist, reason=new,
  client_address=192.0.2.25,
  sender=einkauf@example.org, recipient=sales@example.com
14:30:11 action=pass, reason=triplet found, delay=1808,
  client_address=192.0.2.25,
  sender=einkauf@example.org, recipient=sales@example.com
```

முதல் பதிவில் `reason=new` என்பது இந்தச் சேர்க்கை புதியது என்கிறது. இரண்டாவதில் `delay=1808` என்பது விநாடிக் கணக்கு, அரை மணி நேரத்துக்குச் சற்று மேல். இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். இடைவெளியை 5 நிமிடம் என்றுதானே வைத்திருக்கிறோம், மெயில் வர ஏன் 30 நிமிடம்?

ஏனென்றால் தாமதம் எவ்வளவு என்பதை முடிவு செய்வது நாம் இல்லை. 5 நிமிடம் என்பது 'அதற்கு முன் வராதே' என்ற எல்லை மட்டுமே. அதற்குப் பிறகு எப்போது திரும்பி வருவது என்பது அனுப்பும் சர்வரின் இஷ்டம், அதை வைத்திருப்பவர் ஜெர்மனியில் இருக்கிறார். அவருடையது எக்ஸிம் என்ற மென்பொருள் என்று கொள்வோம். அதன் வழக்கமான அமைப்பில், தள்ளிவைக்கப்பட்ட மெயிலை முதல் இரண்டு மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒருமுறை முயல வேண்டும் என்றிருக்கும். ஆனால் அதைச் செய்ய வேண்டியது கியூவைச் சுற்றிவரும் வேலை. டெபியன் லினக்ஸில் நிறுவினால் அது வழக்கமாக 30 நிமிடத்துக்கு ஒருமுறைதான் சுற்றும். நம் மெயில் 2.00.03க்குத் திரும்பியது. அடுத்த சில விநாடிகளிலேயே கியூவின் சுற்று ஒன்று வந்தது, ஆனால் 15 நிமிடம் ஆகவில்லை என்பதால் மெயிலைத் தொடவில்லை. 2.15க்கு மெயில் தயாராகிவிட்டது, எடுத்துப் போகத்தான் ஆள் இல்லை. அடுத்த சுற்று 2.30க்கு வந்து எடுத்துப் போனது.

அதே வாடிக்கையாளர் போஸ்ட்ஃபிக்ஸ் வைத்திருந்தால் கதை வேறு. அதன் வழக்கமான அமைப்பில் முதல் மறுமுயற்சிக்கு முன் குறைந்தது 300 விநாடி காத்திருக்கும், கியூவையும் 300 விநாடிக்கு ஒருமுறை பார்க்கும். ஆகவே 5லிருந்து 10 நிமிடத்துக்குள் திரும்பி வந்திருக்கும். வாட்ஸ்அப் கேள்வி வருவதற்குள்ளேயே மெயில் வந்து சேர்ந்திருக்கக்கூடும். மறுபக்கம், 2008 விதி பரிந்துரைக்கும் இடைவெளியோ குறைந்தது 30 நிமிடம். அதை அப்படியே கடைப்பிடிக்கும் சர்வரை யாரும் குறை சொல்ல முடியாது. எனவே "எங்கள் சர்வரில் கிரேலிஸ்டிங்கால் 5 நிமிடம்தான் தாமதம்" என்று யாராவது அடித்துச் சொன்னால், அவர் தன் அமைப்புக் கோப்பைப் பார்த்துப் பேசுகிறார், லாகைப் பார்த்துப் பேசவில்லை.

லாகைப் பார்க்க வழியில்லாத சாதாரண பயனாளரும் இதைக் கண்டுபிடிக்கலாம். வந்து சேர்ந்த மெயிலின் முழுத் தலைப்பைத் திறந்தால் (பெரும்பாலான மெயில் நிரல்களில் 'மூலத்தைக் காட்டு' என்பதுபோல் ஒரு வசதி இருக்கும்), போஸ்ட்கிரே தாமதப்படுத்திய மெயிலில் இப்படி ஒரு வரி இருக்கும்:

```
X-Greylist: delayed 1808 seconds by postgrey-1.37 at mail.example.com
```

வேறு மென்பொருளாக இருந்து இந்த வரி இல்லாவிட்டாலும், `Received:` என்று தொடங்கும் வரிகளின் நேரங்களைக் கீழிருந்து மேலாகப் படித்தால் எந்த இரண்டு சர்வர்களுக்கு நடுவில் மெயில் உட்கார்ந்திருந்தது என்று தெரியும்.

இதுவரை சொன்னது ஒரே ஐபியிலிருந்து அனுப்பும் சர்வரின் கதை. பெரிய நிறுவனங்களிடம் இந்தக் கணக்கு உடைகிறது. ஜிமெயிலோ அவுட்லுக்கோ ஒரு மெயிலை முதலில் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து அனுப்பிப் பார்க்கும். 4 என்று வந்தால், மறுமுயற்சி வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து, முற்றிலும் வேறு ஐபி வரிசையிலிருந்து வரலாம். நம் சர்வருக்கு அது புதுச் சேர்க்கை. மறுபடி 4. அடுத்த முயற்சி மூன்றாவது இடத்திலிருந்து. முன்பு பார்த்த ஒரு வரிசையிலிருந்து எப்போதாவது ஒரு முயற்சி வந்து சேரும்வரை இது நீளும், அதற்குள் மணிக்கணக்கில் ஆகிவிடலாம். பெரிய நிறுவனங்களின் பட்டியல் ஒன்றை விதிவிலக்காகப் போஸ்ட்கிரேயோடு சேர்த்தே கொடுப்பதற்குக் காரணம் இதுதான். ஆனால் அந்தப் பட்டியல் நிறுவிய நாளோடு நின்றுவிடும். நிறுவனங்களோ புது ஐபிகளை வாங்கிக்கொண்டே இருக்கின்றன. ஐபியைப் பார்க்காமல், 'இந்த டொமைன் சார்பாக இந்தந்த ஐபிகள் அனுப்பலாம்' என்று டொமைன்காரரே வெளியிடும் எஸ்பிஎஃப் பதிவைச் சரிபார்த்து, பொருந்தினால் டொமைனையே அடையாளமாகக் கொள்வது இன்னும் உருப்படியான தீர்வு.

இதைவிட மோசமாக அடிபடுவது ஓடிபி. ஒரு போர்ட்டலில் பதிவு செய்கிறீர்கள். உங்கள் மெயிலுக்கு ஆறு இலக்க எண் அனுப்பியிருக்கிறோம், 10 நிமிடத்துக்குள் போடுங்கள் என்கிறது. அந்தப் போர்ட்டலிலிருந்து இதற்கு முன் உங்களுக்கு மெயில் வந்ததே இல்லை என்பதால் நம் சர்வர் 4 என்கிறது. எண் வந்து சேரும்போது செத்துப்போயிருக்கிறது. சரி, மறுபடி அனுப்பச் சொல்லிப் பொத்தானை அழுத்துகிறீர்கள். இங்கே இரண்டு விதமாக நடக்கலாம்.

போர்ட்டல் எல்லா மெயிலையும் ஒரே அனுப்புநர் முகவரியிலிருந்து அனுப்பினால், இரண்டாவது ஓடிபி உடனே வந்துவிடும். வந்திருப்பது அதே மெயிலா, வேறு மெயிலா என்று கிரேலிஸ்டிங்குக்குத் தெரியாது. அது பார்ப்பது அந்த மூன்று விஷயங்களை மட்டுமே, முதல் ஓடிபியின் கணக்கில் இரண்டாவது உள்ளே வந்துவிடுகிறது. ஆனால் மொத்தமாக மெயில் அனுப்பும் சேவைகள் பல, திரும்பி வரும் மெயில் யாருடையது என்று கண்டுபிடிப்பதற்காக, ஒவ்வொரு மெயிலுக்கும் தனித்தனி அனுப்புநர் முகவரியை உருவாக்குகின்றன. இது உங்கள் திரையில் தெரியும் முகவரி இல்லை, சர்வர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் முகவரி. `bounce-7f3a91@` என்பதுபோல் இருக்கும். அடுத்த மெயிலில் அது `bounce-7f3b04@` ஆகிவிடும். அப்படியானால் நீங்கள் எத்தனை முறை பொத்தானை அழுத்தினாலும் ஒவ்வொன்றும் புதுமுகம், ஒவ்வொன்றுக்கும் தாமதம். "எங்க ஆபீஸ் மெயிலுக்கு ஓடிபியே வராது சார்" என்று சொல்லி ஊழியர்கள் சொந்த ஜிமெயிலைக் கொடுத்து அலுவலக வேலையைச் செய்யத் தொடங்குவது இப்படித்தான். சர்வரைப் பார்த்துக்கொள்பவருக்கு இது பெரும்பாலும் தெரிவதே இல்லை, புகாரே வராதே.

சரி, இவ்வளவு தொல்லைக்குப் பதிலாக என்ன கிடைக்கிறது? 2003இல் நிறையக் கிடைத்தது. இன்றும் கொஞ்சம் கிடைக்கிறது. வைரஸ் பிடித்த கம்ப்யூட்டர்களிலிருந்து அவசர அவசரமாக வரும் ஸ்பேம் இன்னும் ஒழியவில்லை, அது இன்றும் பெரும்பாலும் முதல் 4லேயே ஓடிவிடும். இன்னொரு பயன் மறைமுகமானது. ஒரு கம்ப்யூட்டர் புதிதாக ஸ்பேம் அனுப்பத் தொடங்கினால், ஸ்பேம்ஹவுஸ் போன்ற தடைப்பட்டியல்களில் அதன் ஐபி ஏறக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அது நம்மிடம் முதலில் வரும்போது பட்டியலில் இல்லாமல் இருக்கலாம். அரை மணி நேரம் கழித்துத் திரும்பி வரும்போது ஏறியிருக்கும், அப்போது 5 என்று சொல்லி ஒரேயடியாக அனுப்பிவிடலாம்.

கிடைக்காதது என்ன என்பதும் தெரிந்திருக்க வேண்டும். இன்று தொல்லை தரும் ஸ்பேமில் கணிசமானது கடவுச்சொல் திருடப்பட்ட நிஜக் கணக்குகளிலிருந்தும், காசு கொடுத்து வாங்கிய முறையான சர்வர்களிலிருந்தும் வருகிறது. அவற்றுக்குப் பின்னால் ஒழுங்கான கியூ இருக்கிறது. 4 சொன்னால் பொறுமையாகக் காத்திருந்து திரும்பி வந்து, 35 நாளுக்குத் தெரிந்த முகமாகவும் ஆகிவிடும். உங்கள் கணக்காளருக்கு 'எம்டி' பெயரில் வரும் போலி இன்வாய்ஸ் மெயில் அநேகமாக இந்த வகைதான். கிரேலிஸ்டிங் அதை ஒன்றும் செய்யாது.

இங்கே சிறிய சர்வருக்கென்று ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. பத்தாயிரம் பேர் இருக்கும் பல்கலைக்கழக சர்வருக்கு உலகின் எல்லா முக்கிய சர்வர்களிலிருந்தும் தினமும் மெயில் வந்துகொண்டே இருக்கும். போஸ்ட்கிரேயில் ஒரு வசதி உண்டு: ஒரு சர்வர் ஐந்து முறை ஒழுங்காகத் திரும்பி வந்து காட்டிவிட்டால், அதன் பிறகு அங்கிருந்து யார் யாருக்கு அனுப்பினாலும் தாமதம் கிடையாது. பெரிய இடத்தில் இந்தப் பட்டியல் சில நாட்களில் நிரம்பிவிடும். ஒருவருக்கு ஏற்பட்ட தாமதத்தின் பலனை மற்ற ஆயிரக்கணக்கானவர்கள் அனுபவிப்பார்கள். இருபது பேர் அலுவலகத்தில் அப்படி நடக்காது. வரும் மெயில் குறைவு. நம் ஜெர்மன்காரர் இன்று எழுதிவிட்டு இரண்டு மாதம் கழித்து மறுபடி எழுதினால், 35 நாளில் அவர் பெயர் அழிந்து மீண்டும் புதியவராகிவிடுவார். வாடிக்கையாக எழுதுபவர்களுக்குத் தாமதம் இருக்காது, உண்மைதான். ஆனால் ஒரு சிறு தொழிலுக்கு அவசரமான மெயில் பெரும்பாலும் புதியவரிடமிருந்துதான் வருகிறது. மூன்று கம்பெனிகளுக்கு ஒரே நேரத்தில் விலை கேட்டு எழுதும் வாடிக்கையாளர், முதலில் பதில் சொன்னவரோடு பேச்சைத் தொடங்கிவிடுகிறார்.

அப்புறம், அமைப்பைத் தப்பாகச் செய்தால் தாமதம் தொலைவில் இருப்பவர்களோடு நிற்காது, சொந்த ஆட்களையும் கடிக்கும். போஸ்ட்ஃபிக்ஸில் விதிகளை எழுதும் வரிசை முக்கியம்:

```
smtpd_recipient_restrictions =
    permit_mynetworks,
    permit_sasl_authenticated,
    reject_unauth_destination,
    check_policy_service inet:127.0.0.1:10023
```

கடைசி வரிதான் போஸ்ட்கிரேயைக் கூப்பிடுகிறது. நம் அலுவலக நெட்வொர்க்கில் இருப்பவர்களையும், கடவுச்சொல் கொடுத்து நுழைந்த ஊழியர்களையும் அதற்கு முன்பே உள்ளே விட்டுவிட வேண்டும். கடைசி வரியை மேலே கொண்டுபோய் வைத்துவிட்டால், வெளியூரிலிருந்து செல்ஃபோனில் மெயில் போடும் மேனேஜருக்கும் 4 போகும். செல்ஃபோன் மெயில் நிரலுக்கு சர்வர்போல் நாள்கணக்கில் கியூ நடத்தத் தெரியாது, பிழை என்று காட்டும். ஸ்கேன் செய்து நேராக மெயிலில் அனுப்பும் ஜெராக்ஸ் மெஷின், இன்வாய்ஸ் அனுப்பும் பில்லிங் மென்பொருள், இணையதளத்தின் தொடர்புப் படிவம் ஆகியவையும் இந்த ரகம்தான். இவற்றில் பல ஒருமுறை முயலும், 4 வந்தால் விட்டுவிடும். அந்த விதத்தில் ஸ்பேம் நிரலுக்கும் ஜெராக்ஸ் மெஷினுக்கும் வித்தியாசமே இல்லை, கிரேலிஸ்டிங் இரண்டையும் ஒரே மாதிரி நடத்துகிறது. ஸ்பேம் போனதுபோலவே இன்வாய்ஸும் போய்விடும், யாருக்கும் தகவல்கூட வராது.

இதையெல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்தால், எல்லாப் புதியவர்களுக்கும் 4 சொல்வது சிறிய அலுவலகத்துக்கு இன்று லாபமில்லாத வியாபாரம் என்பது என் கருத்து. ஆனால் முழுவதும் கைவிட வேண்டியதும் இல்லை. ஆர்ஸ்பேம்டி என்ற ஸ்பேம் வடிகட்டியில் வேறு மாதிரி ஏற்பாடு இருக்கிறது. அது ஒவ்வொரு மெயிலுக்கும் மதிப்பெண் போடும். வழக்கமான அமைப்பில் 4 மதிப்பெண்ணுக்குக் கீழே இருந்தால் புதியவராக இருந்தாலும் தாமதமின்றி உள்ளே விடும். 15ஐத் தொட்டால் நிராகரிக்கும். நடுவே, 4ஐத் தாண்டிய சந்தேகக் கேஸ்களுக்கு மட்டும்தான் கிரேலிஸ்டிங். எஸ்பிஎஃப் பொருந்தி, கையொப்பம் சரியாக இருக்கும் ஜெர்மன்காரர் 2.00க்கே உள்ளே வந்துவிடுவார், ஒழுங்காக அனுப்பப்பட்ட ஓடிபியும் அப்படியே. சந்தேகத்துக்குரியது அரை மணி நேரம் வெளியே நிற்கும், அதற்குள் தடைப்பட்டியலில் ஏறினால் ஏறட்டும். இதற்கு விலை ஒன்று உண்டு: மதிப்பெண் போட வேண்டுமானால் மெயில் முழுவதையும் வாங்கிப் படித்தாக வேண்டும். ஹாரிஸின் யோசனையில் மிச்சமான வேலை இதில் மிச்சமாகாது. இருபது பேருக்கு வரும் மெயிலில் அது ஒரு பாரமே இல்லை.

போஸ்ட்ஃபிக்ஸ் 2.8 முதல் கூடவே வரும் போஸ்ட்ஸ்கிரீன் இன்னும் சிக்கனமானது. ஒருவர் தொடர்பு கொண்டதும் வரவேற்பின் ஒரு பகுதியை மட்டும் சொல்லிவிட்டு, வழக்கமாக 6 விநாடி சும்மா இருக்கும். விதிப்படி, வரவேற்பு முழுவதும் முடிந்த பிறகுதான் வந்தவர் வாயைத் திறக்க வேண்டும். ஸ்பேம் நிரல்களில் பலவற்றுக்கு அந்த 6 விநாடிப் பொறுமையும் கிடையாது, முந்திக்கொண்டு பேசி மாட்டிக்கொள்ளும். அரை மணி நேரம் காக்கவைத்துத் தெரிந்துகொள்ளப் பார்த்ததில் பெரும்பகுதி 6 விநாடியில் தெரிந்துவிடுகிறது. ஒரு எச்சரிக்கை: வரவேற்புக்குப் பின்னும் சோதிக்கும் ஆழமான சோதனைகள் சில இதில் உண்டு, நாமாகப் போட்டால்தான் அவை ஓடும். அவற்றில் தேறிய புதியவருக்கும் போஸ்ட்ஸ்கிரீன் அந்த முறை 4தான் சொல்ல முடியும், நடுப்பேச்சில் அவரை உண்மையான சர்வரிடம் ஒப்படைக்க அதற்கு வழி இல்லை. அவற்றைப் போட்டுவிட்டு "நாங்கள் கிரேலிஸ்டிங் செய்வதில்லை" என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. திருப்பூர் அலுவலகம் அனுப்பும் மெயிலையும் உலகில் எத்தனையோ சர்வர்கள் முதல்முறை திருப்பி அனுப்பும். அதைத் தடுக்க முடியாது. நாம் ஒழுங்காகத் திரும்பிப் போகிறோமா என்பது மட்டுமே நம் கையில். அனுப்பும் பக்கத்து லாகில் `status=deferred` என்றும், அதன் பின் `450 4.2.0` என்றும், பெரும்பாலும் `Greylisted` என்ற சொல்லும் இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. அடுத்த அரை மணி நேரத்தில் அதே மெயிலுக்கு `status=sent` வந்திருக்கிறதா என்று பார்த்தால் போதும். வராமல் `deferred` வரிசையாக வந்துகொண்டே இருந்தால், நம் மெயில் ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஐபியிலிருந்து போகிறதா என்று பார்க்க வேண்டும். சர்வருக்கு ஐபிவி4, ஐபிவி6 இரண்டும் இருந்து மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் இது நடக்கும். கியூவில் மெயில் தங்குவது எரிச்சலாக இருக்கிறதென்று போஸ்ட்ஃபிக்ஸின் 5 நாள் கெடுவை ஒரு மணி நேரமாகக் குறைப்பவர்கள், மெதுவாகச் சேர வேண்டிய மெயிலைச் சேராமலே செய்துவிடுகிறார்கள். பில்லிங் மென்பொருளும் இணையதளப் படிவமும் வெளியுலகத்தோடு நேராகப் பேசாமல், நம் சர்வரின் கியூ வழியாகவே அனுப்பும்படி மாற்றிவிட வேண்டும். அப்போது முதல் 4ஐ வாங்கிக்கொண்டு காத்திருந்து திரும்பப் போவது சர்வரின் பொறுப்பாகிவிடும். ஜெராக்ஸ் மெஷினில் இதற்கு மாற்ற வேண்டியது ஒரே ஒரு கட்டம்தான், மெயில் சர்வர் முகவரி என்று கேட்கும் இடத்தில் அலுவலக சர்வரின் பெயரைப் போட வேண்டும்.